கிரைண்டிங் முன்னால் குவியும் ஷாப்ட்டுகள்: பாட்டில்நெக், த்ரூபுட் கணக்கு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சி.என்.சி.யில் ஒரு பீஸுக்கு ஒரு நிமிஷம் மிச்சம் பண்ணினா, மாசக் கடைசியில அது லாபத்துல தெரியணும்தானே? ஏன் தெரியறதில்ல?

மிச்சமான அந்த நிமிடத்தைக் காசாக்க வழி இல்லாததால்தான். ஒரு பட்டறையை வைத்துப் பார்ப்போம். கோவைப் பக்கம் எங்கும் காணக்கூடிய மாதிரியான பட்டறை. எண்கள் மட்டும் கணக்குப் புரிவதற்காக நாங்கள் வைத்தவை. கடைசி வரை இதே உதாரணம்தான்.

கியர்பாக்ஸ் ஷாப்ட் செய்கிறார்கள். ராடை பேண்ட்சாவில் அறுத்து, சி.என்.சி. லேத்தில் டர்னிங் முடித்து, வி.எம்.சி.யில் கீவே போட்டு, இண்டக்‌ஷன் ஹார்டனிங்குக்கு வெளியே அனுப்புகிறார்கள். திரும்பி வந்ததும் சிலிண்ட்ரிக்கல் கிரைண்டிங், பிறகு இன்ஸ்பெக்‌ஷன், டெஸ்பாட்ச். ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒரு மெஷின். இரண்டு ஷிப்ட், மாதம் 25 நாள். டீ, செட்டிங், பிரேக்டவுன் எல்லாம் போக ஒரு மெஷின் நிஜமாக ஓடுவது மாதம் 18,000 நிமிடம்.

கிரைண்டிங்குக்கு ஒரு ஷாப்ட்டுக்கு 8 நிமிடம் ஆகிறது. அப்படியானால் மாதம் 2,250 ஷாப்ட்தான் வெளியே போகும். சி.என்.சி.க்கு 5 நிமிடம் என்பதால் அது 3,600 தர முடியும். அதை 4 நிமிடமாக்கினால் 4,500 தரும். லாரியில் ஏறுவது அப்போதும் 2,250தான். மொத்த உற்பத்தியையும் இப்படித் தன் அளவுக்குள் நிறுத்திவிடும் மெஷின்தான் பாட்டில்நெக். கூடுதலாக வந்தவை கிரைண்டிங் மெஷினுக்கு முன்னால் தட்டுகளில் துருப்பிடித்துக் கிடக்கும்.

த்ரூபுட்டுனா உற்பத்தி எண்ணிக்கைதானே?

இல்லை, அது பணம். விற்ற விலையிலிருந்து, அந்த ஒரு பீஸ் செய்ததால் மட்டுமே கையை விட்டுப் போன செலவைக் கழித்தால் வருவது த்ரூபுட். விற்காத பீஸுக்கு த்ரூபுட் கிடையாது. இஸ்ரேலிய இயற்பியலாளர் எலியாகு கோல்ட்ராட் 1980களில் பரப்பிய முறை இது.

நம் ஷாப்ட்டின் விலை ஜி.எஸ்.டி. இல்லாமல் 420 ரூபாய். ராடு 200, ஹார்டனிங் ஜாப் ஒர்க் 20. மீதி 200 ரூபாய் ஒரு ஷாப்ட்டின் த்ரூபுட். மாதம் 2,250 ஷாப்ட்டுக்கு 4,50,000. சம்பளம், வாடகை, மெஷின் தவணை, மின்சாரம் என்று பீஸ் கூடினாலும் குறைந்தாலும் ஏறத்தாழ அப்படியே நிற்கும் செலவு 3,90,000. லாபம் 60,000.

சம்பளத்தைப் பீஸ் செலவில் சேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மாதச் சம்பள ஆபரேட்டருக்கு 90 பீஸ் ஓட்டினாலும் 70 ஓட்டினாலும் அதே சம்பளம்தான். பீஸ் ரேட்டில் ஆள் வைத்திருந்தால் கதை வேறு. அந்தக் கூலி ராடு போலவே பீஸோடு ஏறி இறங்குவது, அதை விலையிலிருந்து கழித்துவிட வேண்டும். கூலி பீஸோடு மாறாது என்ற புத்தக விதியை அப்படியே எடுத்துப் போட்டு இந்த இடத்தில் தவறுபவர்கள் அதிகம்.

காஸ்டிங் பார்க்கிறவர் மெஷின் ஹவர் ரேட் போட்டு, அந்த ஒரு நிமிஷத்துக்கு மாசம் 18,000 ரூபாய் மிச்சம்னு எழுதித் தந்தார். அவர் கணக்கு தப்பா?

பெருக்கலில் தப்பில்லை. சி.என்.சி. ரேட் மணிக்கு 480 ரூபாய், அதாவது நிமிடத்துக்கு 8. மாதம் 2,250 பீஸ் என்றால் 18,000. இனி ஒவ்வொரு பில்லாக எடுத்து, எது குறைகிறது என்று பாருங்கள். ஆபரேட்டர் சம்பளம் குறையாது. மெஷின் தவணை, வாடகை குறையாது. மின்சார யூனிட்டில் ஏதோ கொஞ்சம் குறையலாம். வேகத்தைக் கூட்டியதால் இன்செர்ட் சீக்கிரம் தேய்ந்து அதையும் தின்றுவிடலாம். மணிக்கு 480 என்பது ஏற்கெனவே செலவாகிவிட்ட தொகையை நிமிடங்களுக்குப் பங்கிட்ட எண். நிமிடம் குறைந்தால் பங்கு மாறும், தொகை மாறாது.

அந்த வேகத்துக்காக பார் ஃபீடரும் டூலிங்கும் 3 லட்சத்துக்கு வாங்கினார்கள் என்று வையுங்கள். 12 சதவீத வட்டி, 36 தவணை என்றால் மாதம் சுமார் 10,000. த்ரூபுட் 4,50,000லேயே நிற்க, செலவு 4,00,000 ஆகிறது. லாபம் 60,000லிருந்து 50,000க்கு இறங்குகிறது. தாளில் 18,000 மிச்சம், பேங்கில் 10,000 குறைவு.

ஆனா போன வருஷம் சி.என்.சி.யை முழுசா ஓட்டினப்ப புத்தகத்துல லாபம் கூடித்தான் காட்டுச்சு. அது எப்படி?

இருப்புக் கணக்கின் வேலை அது. சி.என்.சி.யை 5 நிமிடத்திலேயே நிறுத்தாமல் ஓட்டினால் மாதம் 3,600 டர்னிங் முடியும். 2,250 போக 1,350 தங்கும். ஒவ்வொன்றிலும் 200 ரூபாய் ராடு இருக்கிறது; 2,70,000 ரூபாய் தட்டில் முடங்கிவிட்டது. மாத முடிவில் அவற்றுக்கு மதிப்புப் போடும்போது ராடு விலையோடு சி.என்.சி. செலவு 5 நிமிடத்துக்கு 40 ரூபாயும் ஏறும். 1,350 பீஸுக்கு 54,000. இந்த மாதம் கொடுத்த சம்பளத்திலும் தவணையிலும் 54,000 லாப நட்டக் கணக்கை விட்டு நழுவி, இருப்பில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதனால் லாபம் 60,000க்குப் பதில் 1,14,000 என்று தெரியும். அதே மாதம் ராடு சப்ளையருக்குப் பணம் கட்டக் கையில் இருக்காது. லாபம் ஏறுகிறது, ஓவர்டிராஃப்டும் ஏறுகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது அரைகுறை இருப்பைத்தான்.

இந்தியாவின் ஏ.எஸ். 2 கணக்கு விதி, நிலையான உற்பத்திச் செலவை வழக்கமான உற்பத்தி அளவை வைத்தே இருப்பில் ஏற்றச் சொல்கிறது. வழக்கத்தைவிட மிக அதிகமாகச் செய்த காலத்தில் பீஸுக்கு ஏற்றும் தொகையைக் குறைக்கவும் சொல்கிறது. விதியைச் சரியாகப் பின்பற்றினால் வீக்கம் கொஞ்சம் அடங்கும், முழுக்கப் போகாது.

அப்போ ஆடிட்டருக்கும் இதே கணக்கையே கொடுத்துடலாமா?

கூடாது. வெளியே காட்டும் கணக்கில் உற்பத்திச் செலவு இருப்பில் ஏறித்தான் ஆக வேண்டும். த்ரூபுட் கணக்கு உள்ளுக்குள் முடிவெடுக்க மட்டும். ஒரே பட்டறையில் இரண்டும் இருக்கலாம்.

எது பாட்டில்நெக்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? சரக்கு குவியற இடம்தானே?

குவியல் ஒரு துப்பு, சாட்சி அல்ல. பேட்ச் பெரிதாக இருந்தாலும் குவியும். கேஜ் காலிப்ரேஷனுக்குப் போயிருந்தாலும், ஆபரேட்டர் லீவில் இருந்தாலும் குவியும். ஆர்டர் எத்தனை என்று வைத்துச் சுமையைப் போட்டுப் பாருங்கள். நம் பட்டறைக்கு மாதம் 2,800 ஷாப்ட் வரை ஆர்டர் உண்டு.

| மெஷின் | ஒரு பீஸுக்கு நிமிடம் | 2,800க்குத் தேவை | 18,000ல் சுமை |
|---|---|---|---|
| பேண்ட்சா | 2 | 5,600 | 31% |
| சி.என்.சி. | 5 | 14,000 | 78% |
| வி.எம்.சி. | 4 | 11,200 | 62% |
| கிரைண்டிங் | 8 | 22,400 | 124% |

நூறைத் தாண்டியது ஒன்றுதான். நிமிடங்களை ரூட் கார்டிலிருந்து எடுக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் ஷிப்ட் ரிப்போர்ட்டை எடுத்து, ஓடிய நேரத்தை நல்ல பீஸால் வகுத்தால் வருவதுதான் நிஜ நேரம். ரூட் கார்டில் 6 என்று எழுதியிருந்து நிஜத்தில் 8 ஆவது அபூர்வமல்ல. வீல் ட்ரெஸ்ஸிங் நேரத்தை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

எல்லா மெஷினும் நூறுக்குள் இருந்தால் பட்டறைக்குள் பாட்டில்நெக்கே இல்லை, ஆர்டர்தான் பற்றவில்லை. அப்போது கிரைண்டிங்கை வேகப்படுத்தினாலும் ஒரு ரூபாய் கூடாது.

கிரைண்டிங் மெஷின் இன்னொண்ணு வாங்கப் பணம் இல்ல. வேற என்ன செய்யலாம்?

பெரும்பாலும் வாங்கவே வேண்டியிருக்காது. அந்த மெஷினின் ஒரு நிமிடத்துக்கு என்ன மதிப்பு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 200 ரூபாயை 8 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 25, மணிக்கு 1,500. ஆபரேட்டர் சாப்பிடப் போனதால் அரை மணி நேரம் நின்றால் பட்டறைக்கே 750 ரூபாய் நட்டம். சி.என்.சி. அரை மணி நேரம் நின்றால், கிரைண்டிங்குக்கு முன்னால் சரக்கு இருக்கும் வரை, நட்டம் பூஜ்யம். ஆகவே சாப்பாட்டு நேரத்தில் சி.என்.சி. ஆளை வைத்துக் கிரைண்டிங்கை ஓட்டலாம். அவர் கொஞ்சம் மெதுவாக ஓட்டினாலும் அது லாபம்தான்.

அடுத்து, 8 நிமிடத்துக்குள் என்ன நடக்கிறது என்று பிரியுங்கள். பீஸ் மாற்றி சென்டர் துடைக்க ஒன்றரை நிமிடம், மெட்டல் எடுக்க 5 நிமிடம், ஸ்பார்க் அவுட்டும் அளவு பார்ப்பதும் ஒன்றரை நிமிடம். பெரிய பங்கு மெட்டல் எடுப்பதில். டர்னிங்கில் கிரைண்டிங்குக்காக விட்டு வைக்கும் அலவன்ஸ் விட்டத்தில் 0.5 மி.மீ. சி.என்.சி. ஆள் ‘இருக்கட்டும்’ என்று விடுவது அது. அதை 0.4 ஆக்கினால் எடுக்க வேண்டிய மெட்டல் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. 5 நிமிடம் 4 ஆகிறது, மொத்தம் 7.

இதற்காக சி.என்.சி.யில் ஒரு ஃபினிஷ் கட் கூட்ட வேண்டும். அங்கே 5 நிமிடம் 5.75 ஆகும். கிரைண்டிங்குக்கு லாபம் தருவதற்காக சி.என்.சி.யை வேண்டுமென்றே மெதுவாக்குகிறோம். அப்படியும் சி.என்.சி. மாதம் 3,130 தரும், போதும். கிரைண்டிங்கில் 18,000ஐ 7ஆல் வகுத்தால் 2,571. கூடுதல் 321 ஷாப்ட், 200 ரூபாய் வீதம் 64,200. அந்த ஃபினிஷ் கட்டுக்கான இன்செர்ட் செலவைக் கழித்தாலும் லாபம் ஏறத்தாழ இரட்டிப்பு. மெஷின் ஹவர் ரேட் கணக்கோ, சி.என்.சி.யில் முக்கால் நிமிடம் கூடியதற்குப் பீஸுக்கு 6 ரூபாய் நட்டம் என்று எழுதும்.

அலவன்ஸைக் குறைச்சா ஷாப்ட்ல கறுப்புத் திட்டு நின்னுடுதே?

ஹார்டனிங்கில் ஷாப்ட் வளைவதால் வருவது அது. 0.4 என்றால் ஒரு பக்கத்துக்கு 0.2தான். வளைந்த ஷாப்ட்டில் ஒரு பக்கம் வீல் அதிகம் எடுக்கும், எதிர்ப் பக்கத்தைத் தொடுவதற்குள் அளவு வந்துவிடும். ஹார்டனிங் முடிந்து வந்ததும் சென்டரில் போட்டு டயலில் ரன் அவுட் பாருங்கள். காட்டும் அளவு அலவன்ஸில் பாதிக்கு மேல், அதாவது 0.2க்கு மேல் இருந்தால் பிரஸ்ஸில் நிமிர்த்திவிட்டுத்தான் கிரைண்டிங்குக்கு விட வேண்டும். சென்டர் ஹோலில் ஸ்கேல் ஒட்டியிருந்தால் நேரான ஷாப்ட்டும் வளைந்தது போலக் காட்டும். அதைச் சுத்தம் செய்வதும் கிரைண்டிங் ஆளின் வேலை அல்ல, அதற்கு முன் இருப்பவரின் வேலை. டர்னிங் அளவும் பீஸுக்குப் பீஸ் 0.1 அலைந்தால் 0.4 நிற்காது.

இன்னொரு குறுக்கு வழி எல்லோருக்கும் தோன்றும்: அலவன்ஸ் அப்படியே இருக்கட்டும், இன்ஃபீடைக் கூட்டிவிடலாம் என்று. நீலமும் பழுப்புமாகப் பொசுங்கல் தெரிந்தால் மேல்தோலின் கடினம் போய்விட்டது, விரிசலும் இருக்கலாம். ஸ்பார்க் அவுட்டில் அந்த நிறம் போய்விடுவதால் கண்ணுக்குத் தப்பும். சந்தேகம் வந்தால் நைட்டால் என்ற நைட்ரிக் அமிலக் கலவையில் எட்ச் செய்து பாருங்கள், பொசுங்கிய இடம் கறுத்துக் காட்டும்.

ரிஜெக்ட் ஆன பீஸ் எங்க ஆனா என்ன, நட்டம் ஒண்ணுதானே?

கிரைண்டிங்குக்கு முன்னால் ஒரு ஷாப்ட் கெட்டால் போவது ராடும் ஹார்டனிங்கும், அதிகபட்சம் 220 ரூபாய். சி.என்.சி.யில் நேரம் மிச்சம் இருப்பதால் வேறொன்று செய்துவிடலாம். கிரைண்டிங் முடிந்த பிறகு கெட்டால் அந்த 8 நிமிடம் திரும்பக் கிடைக்காது. 220ம் போய், வேறொரு ஷாப்ட் தந்திருக்கக்கூடிய 200ம் போய், 420 ரூபாய் நட்டம். இன்ஸ்பெக்டர் ஒருவர்தான் என்றால் அவரைக் கடைசியில் உட்கார வைக்காமல் கிரைண்டிங்குக்கு முன்னால் நிறுத்துவது மேல்.

வெளியே கிரைண்டிங் கொடுத்தா 60 ரூபாய் கேக்கறாங்க, நமக்கு உள்ளேயே 45தான் அடங்குது. எதுக்குக் கொடுக்கணும்?

உள்ளே இடம் இல்லாத ஷாப்ட்டைத்தான் வெளியே கொடுக்கிறீர்கள். அதற்கு 45 என்ற விலை கிடையாது, ‘செய்யவே முடியாது’ என்பதுதான் உண்டு. 60 கொடுத்தாலும் ஒவ்வொன்றிலும் 140 ரூபாய் நிற்கும். ஆர்டர் மிச்சம் இருக்கும்வரை இது லாபம். உள்ளே மெஷின் காலியாக இருக்கும் மாதத்தில் அதே பீஸை வெளியே கொடுத்தால் 60ம் சுத்த நட்டம். பழக்கத்தில் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே இருப்பவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

வேற ஒரு ஷாப்ட்டுக்கு ஆர்டர் வந்திருக்கு, அதுல பீஸுக்கு 260 ரூபாய் நிக்கும். 200 நிக்கறதை விட்டுட்டு அதை எடுக்கலாமா?

அதற்குக் கிரைண்டிங் எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். 13 என்றால் நிமிடத்துக்கு 20 ரூபாய்தான், பழைய ஷாப்ட் 25 தருகிறது. மாதம் முழுக்கப் புதியதை ஓட்டினால் த்ரூபுட் 4,50,000லிருந்து 3,60,000க்கு இறங்கி, செலவான 3,90,000ஐக்கூடத் தொடாது.

கிரைண்டிங்கே தேவைப்படாத வேலை வந்தால் இந்த வகுத்தலே வேண்டாம். நம் பட்டறை சி.என்.சி.யில் 2,250 பீஸுக்கு 11,250 நிமிடம் போக 6,750 நிமிடம் சும்மா இருக்கிறது. பிளெயின் டர்னிங் ஜாப் ஒர்க்கில் மெட்டீரியலும் இன்செர்ட்டும் போகப் பத்து ரூபாய் நின்றாலும் அது முழு லாபம். எச்சரிக்கை ஒன்று: அந்த வேலையின் அவசரத்தில் ஷாப்ட் டர்னிங் தாமதமாகி கிரைண்டிங் பட்டினி கிடந்தால், பத்து ரூபாய்க்காக நிமிடத்துக்கு 25 விடுவதாகும்.

அப்ப சி.என்.சி. ஆபரேட்டர் சும்மா உட்கார்ந்திருக்கறதைப் பார்த்துட்டே இருக்கணுமா?

சில நேரம், ஆமாம். முதலாளிகளுக்கு இதுதான் ஜீரணமாவதில்லை. கிரைண்டிங் ஒரு நாளைக்கு 720 நிமிடம், 90 பீஸ். ஸ்டோரிலிருந்து ராடும் நாளொன்றுக்கு 90க்குத்தான் வெளியே வர வேண்டும். கிரைண்டிங்குக்கு முன்னால் ஒரு கையிருப்பு தேவை. இங்கே நடுவில் வெளி ஹார்டனிங் இருப்பதால் இரண்டு நாள், 180 பீஸ், என்று தொடங்கலாம். கையிருப்பு எப்போதும் 120க்குக் கீழே இறங்குவதே இல்லை என்றால் குறையுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது காலியானால் கூட்டுங்கள். பீஸ் எண்ணிக்கைக்கு சி.என்.சி. ஆளுக்கு இன்சென்டிவ் இருந்தால் இது ஒன்றும் நடக்காது, அவர் ராடைக் கேட்டு வாங்கி ஓட்டிவிடுவார். முதலில் அந்த இன்சென்டிவை எடுத்துவிட்டு, கிரைண்டிங் நிற்காத நேரத்துக்கு இரண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுங்கள்.

பாட்டில்நெக் இல்லாத மெஷினை வேகப்படுத்தறதால எப்பவுமே பிரயோஜனம் இல்லையா?

அப்படிச் சொன்னால் மிகை. சி.என்.சி. அடிக்கடி பழுதாகி கிரைண்டிங் காலியாக நிற்கிறது என்றால், வேகம் கையிருப்பைச் சீக்கிரம் நிரப்பும். செட்டிங் நேரம் குறைந்தால் சின்ன பேட்ச் ஓட்டலாம், டெலிவரி நாள் குறையும். வேகத்தால் ஓவர்டைம் நின்றாலோ ராடு வீணாவது குறைந்தாலோ பில்லில் நிஜமாகவே பணம் குறையும். மேலே சொன்ன டர்னிங் ஜாப் ஒர்க் நிறைய கிடைத்து, சி.என்.சி.யின் காலி நேரமும் தீர்ந்துவிட்டால், அங்கே மிச்சமாகும் நிமிடத்துக்கும் விலை வந்துவிடும்.

பாட்டில்நெக் இடம் மாறவும் செய்யும். கிரைண்டிங் 6.4 நிமிடத்துக்கு வந்துவிட்டால் 2,800ம் முடிந்துவிடும். அதற்கு மேல் தடுப்பது ஆர்டர். அந்த நாளில் கிரைண்டிங்குக்கு வகுத்த பழைய விதிகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால், அவையே புதுத் தடையாகும். சுமைப் பட்டியலை ஆர்டர் மாறும்போதெல்லாம் திரும்பப் போட வேண்டும். ஒரு தாளும் பத்து நிமிடமும் போதும்.